அவிநாசி – திருப்பூர் தினசரி ஓட்டத்துக்குப் பழைய ஆக்டிவா: எதையெல்லாம் பார்த்து வாங்குவது?

அவிநாசி மல்லி

வணக்கங்க. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் வேலை. வீடு அவிநாசி. போக வர முப்பது கிலோமீட்டருக்குள் வரும். இதுவரை பஸ்தான். ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் விடுகிறார்கள், அதனால் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும். பேர் மாற்றுவது, இன்சூரன்ஸ், சில்லறை வேலை எல்லாம் சேர்த்து 45,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

அனுப்பர்பாளையம் பக்கம் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் ஒரு வண்டி பார்த்திருக்கிறேன். ஆக்டிவா 4ஜி, 2017 மாடல், டிஎன் 39 நம்பர். மீட்டரில் 31,000 கிலோமீட்டர். "செகண்ட் ஓனர், ஒரு டீச்சரம்மா ஓட்டியதுங்க" என்கிறார். 42,000 சொல்கிறார். பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. அப்பாவுக்கு எக்ஸ்எல் தவிர வேறு வண்டி தெரியாது. மெக்கானிக்கைக் கூட்டிப் போவதற்கு முன்னால் நானே என்னென்ன பார்க்க முடியும்?

இன்னொன்று, கூட வேலை செய்பவர் ஒரு பழைய கியர் சைக்கிளை 4,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை அதில் போய்விட்டு பஸ் ஏறலாம் என்றும் ஒரு யோசனை.

எக்ஸ்எல் பிரியன்

அம்மிணி, அப்பா சொல்வதைக் கேளுங்க. எக்ஸ்எல் வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. செயின், ஒரு கிளட்ச், அவ்வளவுதான். நான் சென்னிமலையிலிருந்து ஈரோட்டு மார்க்கெட்டுக்கு பெட்ஷீட் கட்டு போட்டுக்கொண்டு போகிறேன். இன்ஜினைத் திறந்து பார்த்ததே கிடையாது.

சூலூர்க்காரன்

ஹோண்டா இன்ஜின்தானே, லட்சம் கிலோமீட்டர் சத்தமில்லாமல் ஓடும். 31,000 எல்லாம் ஒரு ஓட்டமே இல்லைங்க. நான் பார்ப்பது ரெண்டே விஷயம். செல்ப் ஒரே தட்டில் எடுக்க வேண்டும், சைலன்சரில் புகை வரக் கூடாது. புகை வந்தால் இன்ஜின் போச்சு. ரெண்டும் சரியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்க.

பழைய ஸ்பேனர்

சூலூர்க்காரரே, இன்ஜின் விஷயத்தில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஆயில் ஒழுங்காக மாற்றியிருந்தால் அந்த 110 சிசி இன்ஜின் சீக்கிரம் சாகாது. ஆனால் பழைய ஸ்கூட்டரில் காசு கரைவது இன்ஜினில் இல்லை. இடது பக்கத்து மூடிக்குள் இருக்கும் பெல்ட், ரோலர், கிளட்ச்சிலும், முன் சக்கரம் தொங்குகிற லிங்க் அமைப்பிலும்தான். செல்ப் எடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மல்லி, முதலில் ஒரு காரியம் செய்யுங்க. போகும் முன்பு போன் பண்ணி, "நான் வரும் வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுங்க. போனதும் சைலன்சர் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்க. சூடு அடித்தால் உங்களுக்காக முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சண்டை வேண்டாம், "நாளைக்கு வருகிறேனுங்க" என்று கிளம்பிவிடுங்க. பழைய வண்டியின் குறை பாதி குளிர்ந்த இன்ஜினில்தான் தெரியும்.

குளிர்ந்த வண்டியில் சாவியைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணாமலே ஹாரனையும் இண்டிகேட்டரையும் பாருங்க. ஹாரன் ஈனஸ்வரத்தில் வந்தால் பேட்டரி முடிந்தது. ஹெட்லைட்டை வைத்துப் பேட்டரியை எடை போடாதீங்க, இந்த மாடலில் அது இன்ஜின் ஓடினால்தான் எரியும். அப்புறம் கிக்கரில் ஸ்டார்ட் பண்ணுங்க. செல்ப் எடுக்கும் வண்டி கிக்கரில் எடுக்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்க வேண்டும்.

புகைக்கு வருகிறேன். காலையில் லேசாக வெள்ளையாக வந்து ஒரு நிமிடத்தில் நின்றால் அது நீராவி, கவலை வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் நீலமாக ஒரு குபுக் வந்து நின்றுவிட்டால் வால்வு ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம். அது சின்ன வேலைதான். சூடான பிறகும் ஆக்ஸிலேட்டர் திருகும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங், போர் என்று போகும். அந்த வண்டியை விட்டுவிடுங்க. ஆக, புகை வந்தால் இன்ஜின் போச்சு என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது.

ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, திருகாமல் உள்ளே வைத்து எடுத்துப் பாருங்க. இந்த வண்டிக்கு ஆயிலே முக்கால் லிட்டர் சுமார்தான். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், ஒன்று குடிக்கிறது, இல்லையென்றால் யாரும் கவனிக்கவில்லை. கருப்பாக இருப்பது தப்பில்லை. பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

கோபி மிதிவண்டி

சைக்கிள் வாங்கும் யோசனைக்கு வாழ்த்துகள். 4,000 ரூபாய்க்குக் கியர் சைக்கிள் என்றால் செயினை முதலில் பாருங்க. அரை இஞ்ச் பிட்ச் செயின் அது. ஒரு ஸ்கேலை வைத்து ஒரு பின்னிலிருந்து, அதை விட்டுவிட்டு எண்ணினால் வரும் இருபத்துநாலாவது பின் வரை அளந்தால் சரியாக 12 இஞ்ச் வர வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத் தாண்டினால் செயின் மட்டும் மாற்றினால் போதும். 12 இஞ்சைத் தாண்டி 3 மில்லிமீட்டர் வரை போயிருந்தால் பின்னால் இருக்கும் பல்சக்கரத்தையும் தின்றிருக்கும். புதுச் செயின் போட்டால் மிதிக்கும்போது வழுக்கும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும்.

அடுத்து ஹேண்டில் பைப் வந்து சேரும் இடத்துக்குக் கீழே, சாய்ந்து இறங்கும் பைப்பில் விரலை ஓட்டிப் பாருங்க. பெயிண்டில் சுருக்கமோ சின்ன மேடோ தட்டுப்பட்டால் எதிலோ நேராக மோதிய சைக்கிள். என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பெடல் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்க, டக் டக் என்றால் பெடல் கை சுற்றும் அச்சான பிபி செட் தளர்ந்திருக்கிறது. அது மாற்றக்கூடியதுதான்.

நீங்கள் தினமும் 30 கிலோமீட்டர் மிதிப்பதாக இருந்தால் சீட் உயரத்தை...

அவிநாசி மல்லி

அண்ணா, 30 கிலோமீட்டர் சைக்கிள் இல்லைங்க! சைக்கிள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மட்டும்தான் யோசித்தேன். ஆனாலும் அந்த ஸ்கேல் கணக்கு நல்லா இருக்கு, அதையும் பார்த்துவிடுகிறேன்.

ஸ்பேனர் அண்ணா, பெல்ட்டும் ரோலரும் மூடிக்குள் இருக்கிறது என்கிறீர்கள். அவர் திறந்து காட்டமாட்டார் என்றால் எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய ஸ்பேனர்

ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நின்ற இடத்திலிருந்து ரொம்ப மெதுவாக ஆக்ஸிலேட்டரைத் திருகுங்க. வண்டி நகரத் தொடங்கும் அந்த இடத்தில், ஹேண்டில் வரைக்கும் கிடுகிடுவென்று உதறினால் கிளட்ச் ஷூவும் அதைச் சுற்றியிருக்கும் கிண்ணமான பெல்லும் மினுங்கிப் போயிருக்கின்றன. வேகமாகத் திருகினால் இந்த உதறல் மறைந்துவிடும், அதனால்தான் மெதுவாக என்றேன். பக்கத்தில் நிற்பவர் "நல்லா திருகுங்க, பிக்கப் பாருங்க" என்பார். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் யாரையாவது பின்னால் உட்கார வைத்து ஒரு மேட்டில் ஏற்றுங்க. திருப்பூரில் ரயில்வே மேம்பாலம் போதும். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் பெல்ட் தேய்ந்து ஒல்லியாகிவிட்டது, அல்லது கிளட்ச் வழுக்குகிறது. சமதரையில் 30, 35 வேகத்தில் ஒரு இடத்தில் மட்டும் தயங்கித் தயங்கிப் போனால் ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். உருண்டையாக இருக்க வேண்டியது அது.

பெல்ட்டை 20, 25 ஆயிரம் கிலோமீட்டர் சுமாரில் மாற்றுவது வழக்கம். எனவே 31,000 ஓடிய வண்டியில் அவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "பெல்ட் எப்போ மாத்தினீங்க?" பில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக் கணக்குப் போடுங்க. பெல்ட் அறுந்தால் இன்ஜின் ஓடும், வண்டி நகராது. ராத்திரி ஒன்பது மணிக்கு பூண்டி பக்கம் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டாம்.

திறந்து காட்டச் சம்மதித்தால் இன்னும் நல்லது. எட்டு நம்பர் ஸ்பேனரில் சில போல்ட், கால் மணி நேர வேலை. பெல்ட்டின் உள்பக்கப் பல்லுக்கு நடுவே குறுக்கு வெடிப்பு இருக்கிறதா, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்க.

இன்னொரு இடம் பின்சக்கரம். மெயின் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்க. ஆடினால் பேரிங். கையால் சுற்றும்போது உறுமல் கேட்டாலும் அதேதான். சக்கரத்தின் உள்பக்கத்தில் டிரம் ஓரமாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கியர் ஆயில் சீல் ஒழுகுகிறது. அந்த ஆயில் பிரேக் ஷூவில் படும், பின் பிரேக் பிடிக்காது.

பவானிக்காரி

மல்லி, முன்பக்கத்தை விட்டுவிடாதீங்க. என் வண்டியும் 5ஜி-க்கு முந்தைய ஆக்டிவாதான். காவிரிப் பாலத்துக்கு வரும் சாலையில் ஒவ்வொரு குழியிலும் முன்னால் "கடக்" என்று ஒரு சத்தம். ஒரு மெக்கானிக் ஹேண்டில் பேரிங்கான கோன்செட் என்று மாற்றினார், சத்தம் போகவில்லை. வேறொருவர் புஷ் என்றார். ரெண்டுக்கும் காசு கொடுத்தேன். எது எது என்று வாங்கும்போதே பிரித்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

பழைய ஸ்பேனர்

இருக்குங்க. 6ஜி வருவதற்கு முன்பு இருந்த ஆக்டிவா 110 எல்லாவற்றிலும் முன்னால் டெலஸ்கோப்பிக் கிடையாது. சக்கரம் இரண்டு பக்கமும் சின்ன லிங்க்கில் தொங்கும். அந்த லிங்க்கில் இருக்கும் புஷ் தேய்வது இந்த வண்டிக்கே உரிய வியாதி. மெயின் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்சீட்டை அழுத்த, முன்சக்கரம் தூக்கி நிற்கும். இப்போது ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடவலமாகத் திருப்புங்க. நடு இடத்தில் வந்ததும் பள்ளத்தில் விழுந்த மாதிரி ஒரு பிடி பிடித்தால் கோன்செட். வழுவழு என்று திரும்பினால் கோன்செட் நன்றாக இருக்கிறது.

அடுத்து சக்கரத்தையே பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டுங்க. இன்னொருவர் லிங்க் சேரும் இடத்தில் விரல் வைத்துக்கொள்ள வேண்டும். விரலில் டக் என்று பட்டால் புஷ். பக்கவாட்டில் ஆட்டும்போது சக்கரம் மட்டும் அச்சில் ஆடினால் வீல் பேரிங். மூன்றும் மூன்று இடம், விரல் சரியாகச் சொல்லும்.

கோன்செட் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. கோன்செட்டும் போய், ஹேண்டில் நேராக இருக்கும்போது முன்சக்கரம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் வண்டி விழுந்திருக்கிறது. பின்னால் பத்தடி தள்ளிக் குனிந்து நின்று, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் தெரிகிறதா என்று பாருங்க.

பளபளப்புக்கும் ஒரு வழி இருக்கிறது. ஆக்டிவாவின் பக்கவாட்டுப் பேனல் இரும்புத் தகடு. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அங்கங்கே வைத்துப் பாருங்க. பட்டி தடித்துப் போட்ட இடத்தில் காந்தம் ஒட்டாது, நழுவும்.

நூல்கண்டு

திருப்பூரில் வாங்குவதால் ஒன்று சொல்கிறேன். ஃபுட்போர்டில் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்க. கோன் பையும் பீஸ் மூட்டையும் ஏற்றிய வண்டி என்றால் தகடு நடுவில் குழிந்திருக்கும், ஓரத்தில் வெல்டிங் விரிசல்கூட இருக்கும். பின்சீட்டுக் கம்பியில் கயிறு அறுத்த தடம் இருக்கும். டீச்சரம்மா ஓட்டிய வண்டி என்று சொல்லி ஜாப் ஒர்க் வண்டியைத் தள்ளிவிடுவது இங்கே சாதாரணம். ஒரு லோடு வண்டியின் 30,000 கிலோமீட்டரும் ஆபீஸ் போய் வந்த வண்டியின் 30,000-மும் ஒன்றில்லை.

ஆர்டிஓ வாசல்

எல்லோரும் ஸ்பேனரிலேயே இருக்கிறீர்கள். பேப்பர் யார் பேரில் இருக்கிறது?

"செகண்ட் ஓனர்" என்று அவர் வாயால் சொல்வது கணக்கில்லை. எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. பேர் சில எழுத்துகள் மறைத்து வரும், ஆனால் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, கடன் பதிவு இருக்கிறதா என்று தெரியும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்று echallan.parivahan.gov.in தளத்தில் பார்க்கலாம்.

அப்புறம் ஒரிஜினல் ஆர்.சி.யை வாங்கி, சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்க. அடித்த எழுத்தைச் சுற்றித் தேய்த்த தடமோ புதுப் பெயிண்டோ இருந்தால் அங்கேயே முடிந்தது.

படிவம் 29, படிவம் 30. இரண்டிலும் ஆர்.சி.யில் பேர் இருப்பவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், கன்சல்டிங்காரர் இல்லை. விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கடன் பதிவு இருந்தால் படிவம் 35-ம் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசியும் தனியாக வேண்டும்.

சூலூர்க்காரன்

இதெல்லாம் புத்தகத்தில் இருக்குங்க. நடைமுறையில் கையெழுத்துப் போட்ட படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு எத்தனை பேர் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இன்சூரன்ஸ் மட்டும் நடப்பில் இருந்தால் போலீஸ் பிடித்தாலும் பிரச்சினை இல்லை.

ஆர்டிஓ வாசல்

போலீஸைச் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். விபத்துக்குப் போதாது. வண்டி இடித்து ஒருவருக்கு அடிபட்டால் நஷ்டஈட்டுக்கு ஆர்.சி.யில் பேர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது பழைய ஓனருக்குத் தலைவலி. உங்களுக்கு என்ன தலைவலி என்றால், வண்டி ஓட்டும் சொந்தக்காரருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு ஆர்.சி. ஓனருக்குத்தான். வண்டி மல்லி ஓட்டுவார், பேர் வேறு யாரோ. கீழே விழுந்தால் அந்தப் பணம் வராது. சொந்தச் சேதத்துக்கான காப்பீடும் பேர் மாற்றாமல் கிடைக்காது.

இன்னொரு விஷயம். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் ஆர்டிஓவில் அங்கீகாரம் வாங்க வேண்டும், படிவம் 29பி என்று பேர். "உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்க. இருந்தால் அவரே வண்டிக்குப் பொறுப்பு ஏற்று, பேர் மாற்றித் தர முடியும்.

சூலூர்க்காரன்

அந்த 15 லட்சம் விஷயம் தெரியாதுங்க. ஆனால் 29பி வைத்திருக்கும் கன்சல்டிங் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அவிநாசி மல்லி

பார்த்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவும் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணாவும் கூட வந்தார்கள்.

முதலில் போன் பண்ணியும் சைலன்சர் சூடாக இருந்தது. திரும்பி வந்துவிட்டோம். மறுபடி போனபோது குளிர்ந்திருந்தது. கிக்கரில் சீக்கிரமே எடுத்தது. நீலப்புகை இல்லை. ஆயில் கோட்டுக்கு நடுவில். ஹாரன் கம்மிப்போய் இருந்தது. ஐடில் மட்டும் ரொம்ப அதிகம், ஸ்டார்ட் பண்ணியதும் உறுமுகிறது. மெக்கானிக் அண்ணா ஸ்க்ரூவைத் திருப்பிச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தார், அப்பவும் அணையவில்லை.

மெதுவாகக் கிளப்பும்போது நல்ல உதறல். பாலத்தில் அப்பாவை ஏற்றிக்கொண்டு போனதில் சத்தம் ஏறியது, வேகம் மெல்லத்தான் ஏறியது. முன்னால் ஹேண்டில் நடுவில் பிடிக்கிறது, லிங்க் புஷ்ஷும் விரலில் டக் என்று பட்டது. பின்சக்கரம் ஆடவில்லை, ஒழுகல் இல்லை. காந்தம் வலது பேனலில் ஒரு உள்ளங்கை அளவுக்கு நழுவியது. சக்கரம் இரண்டும் ஒரே கோட்டில்தான் தெரிந்தன. முன் டயரில் 0818 என்று இருக்கிறது, அதாவது 2018-ல் எட்டாவது வாரம். ஓரத்தில் வெடிப்பு.

இப்போது முக்கியமானது. சீட்டுக்குக் கீழே, டிக்கியின் பக்கச் சுவரில் ஒரு பழைய ஆயில் ஸ்டிக்கர். "அடுத்த சர்வீஸ் 43,500" என்று பேனாவில் எழுதியிருக்கிறது. மீட்டரோ 31,000. காட்டினேன். "மீட்டர் மாத்தினதுங்க, கேபிள் போயிருச்சு" என்றார்.

பேப்பரில் இன்னொன்று. செயலியில் ஓனர் வரிசை 1 என்றுதான் வருகிறது. கடன் பதிவும் இருக்கிறது. "டியூ எல்லாம் கட்டி முடிச்சாச்சு, என்ஓசி வாங்கித் தர்றேன்" என்கிறார்.

நூல்கண்டு

நான் சொல்லவில்லையா! மீட்டரைத் திருப்பிய வண்டி. விட்டுவிட்டு வேறு பாருங்க.

பழைய ஸ்பேனர்

அவசரப்பட வேண்டாம். மீட்டர் மாற்றியிருந்தால் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும், அப்படியானால் உண்மையில் ஓடியது இன்னும் அதிகம். கேபிள் அறுந்து மாதக்கணக்கில் ஓடாமல் நின்றிருக்கலாம். திருப்பியும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், வண்டி குறைந்தது 45,000 ஓடியது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்க. மீட்டர் எண்ணை மறந்துவிடுங்க. ஷோரூம் சர்வீஸில் வண்டி நம்பரைச் சொன்னால் வரலாறு எடுக்க முடியும், ஆனால் ஓனர் கேட்டால்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

நீங்கள் சொன்னதை வைத்து நான் போடும் கணக்கு இது. இங்கத்து வெளி மெக்கானிக் விலை, கூலியோடு சுமாராகச் சொல்கிறேன். பெல்ட், ரோலர், கிளட்ச் ஷூ மூன்றும் சேர்த்து 3,000. கோன்செட் 1,200. லிங்க் புஷ் 1,000. முன் டயர் 1,500. பேட்டரி 1,300. மொத்தம் 8,000. வலது பேனல் பட்டி விழுந்து எழுந்ததுதான். சக்கரம் நேர்கோட்டில் இருப்பதால் அதற்குக் காசு குறைக்கச் சொல்ல மாட்டேன்.

42,000-ல் 8,000 போனால் 34,000. அதோடு மீட்டர் பொய்க்கு ஒரு ஆயிரம். 33,000-ல் ஆரம்பியுங்க. 35,500-க்கு மேல் நான் என்றால் கொடுக்க மாட்டேன்.

பவானிக்காரி

பெல்ட், ரோலர், கிளட்ச் ஷூ மூன்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டுமா? கிளட்ச் உதறலோடு நான் ரொம்ப நாள் ஓட்டினேனே.

பழைய ஸ்பேனர்

உதறல் ஆபத்தில்லை, எரிச்சல்தான். காசு இடித்தால் கிளட்ச் ஷூ காத்திருக்கலாம். ஆனால் மூடியைத் திறக்கும் கூலி ஒன்றுதான் என்பதால் பெல்ட் மாற்றும்போதே பார்த்துவிடுவது லாபம். பெல்ட்டும் முன் டயரும் காத்திருக்கக் கூடாது. வெடித்த டயரோடு அவிநாசி ரோட்டில் போக வேண்டாம்.

கோபி மிதிவண்டி

இன்னொரு கோணம். இது கார்பரேட்டர் வண்டி, இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2017 வண்டியின் ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்தவை அல்ல. கொஞ்சம் கூடப் போட்டு 2020-க்குப் பிறகு வந்த இன்ஜெக்‌ஷன் வண்டியே வாங்கலாமே?

பழைய ஸ்பேனர்

2020-ல் வந்த பிஎஸ்6 வண்டியும் 20 சதவீதத்துக்காகச் செய்தது என்று சொல்லிவிட முடியாது, அதற்கான பாகங்கள் 2023 ஏப்ரலுக்குப் பிறகுதான் கட்டாயமாக வந்தன. நான் பார்த்த வரை கார்பரேட்டரில் தொல்லை வருவது ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் வண்டிகளுக்கு. தினமும் ஓடும் வண்டிக்கு அவ்வளவாக இல்லை.

சாயப்பட்டறை

நான் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் ஓட்டும் என் 2016 வண்டியில் பெட்ரோல் ஹோஸ் இரண்டு முறை வெடித்தது, மழைக்காலத்தில் ஃப்ளோட் கிண்ணத்தில் தண்ணீர். ஹோஸ் மலிவுதான், ஆனால் சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகுவதை மலிவு என்று சொல்ல மாட்டேன். கார்பரேட்டர் வண்டி வாங்கினால் ஹோஸை வாங்கிய அன்றே மாற்றுங்க.

பழைய ஸ்பேனர்

ஹோஸ் மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்காக 15, 20 ஆயிரம் கூடக் கொடுத்து இன்ஜெக்‌ஷன் வண்டிக்குப் போக வேண்டும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் பம்ப் போனால் ரோட்டோர மெக்கானிக் கைவைக்க மாட்டார்.

ஆர்டிஓ வாசல்

பெட்ரோலை விடுங்க. மல்லி, என்ஓசி வாங்கித் தருகிறேன் என்பதற்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீங்க. என்ஓசியைக் கண்ணால் பார்த்து, அதில் வண்டி நம்பரும் சேஸ் நம்பரும் சரியா, தேதி பழசாகிவிட்டதா என்று பாருங்க. அதற்குக் காலவரம்பு உண்டு. ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது ஓடிபி பதிவில் இருக்கும் ஓனர் மொபைலுக்குப் போகும். அந்த மனிதர் போனில் கிடைக்கிறாரா என்று இப்போதே பேசிப் பாருங்க. கிடைக்காத ஓனரின் வண்டி என்ன விலைக்கு வந்தாலும் எனக்கு வேண்டாம்.

அவிநாசி மல்லி

பேசினேன். முதல் ஓனர் ஊத்துக்குளியில் இருக்கிறார், டீச்சரம்மா இல்லை, பனியன் கம்பெனியில் டெய்லர். வண்டியை மூன்று வருஷத்துக்கு முன்னால் இன்னொருவருக்கு விற்றுவிட்டாராம், அவர் பேர் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார். "என் பேரில் இருந்து போனால் சரி, எப்போது வேண்டுமானாலும் ஓடிபி சொல்கிறேன் அம்மிணி" என்றார். கடன் 2019-லேயே முடிந்ததாம், என்ஓசியை வாங்கவே இல்லை.

கன்சல்டிங்காரர் 36,000-க்கு இறங்கியிருக்கிறார், அதற்குக் கீழே மாட்டேன் என்கிறார். என்ஓசி வரும் வரை 2,000 மட்டும் அட்வான்ஸ், ரசீதில் வண்டி நம்பரும் "என்ஓசி வராவிட்டால் பணம் திருப்பித் தரப்படும்" என்றும் எழுதச் சொன்னேன். எழுதிக் கொடுத்தார். 29பி பற்றிக் கேட்டேன், சிரித்தார்.

ஸ்பேனர் அண்ணா சொன்ன வரம்புக்கு 500 கூடத்தான். ஆனால் 36,000-ம் 8,000-ம் 44,000. பேர் மாற்றக் கட்டணமும் இன்சூரன்ஸும் மீதி ஆயிரத்தில் அடங்காது. கிளட்ச் ஷூவைத் தள்ளிப்போட்டால் சரியாகுமா?

பழைய ஸ்பேனர்

500 ரூபாய்க்கு இன்னொரு வண்டி தேடி அலைய வேண்டாம், எடுங்க. மூன்றாம் நபர் காப்பீடு 110 சிசிக்கு 714 ரூபாயும் வரியும்தான், தனிநபர் விபத்துக் காப்பீட்டை அதோடு சேர்த்துப் போடச் சொல்லுங்க. ஷூவைத் தள்ளிப்போடலாம். பெல்ட் மாற்றும்போது மெக்கானிக்கை ஷூவையும் பெல்லையும் உப்புத்தாளில் தேய்த்துச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க, சில மாதங்களுக்கு உதறல் குறையும். பெல் உள்ளே நீலம் பாய்ந்திருந்தால் மட்டும் தேய்ப்பது வேலைக்காகாது.

எக்ஸ்எல் பிரியன்

எக்ஸ்எல்லில் பெல்ட்டே கிடையாது.

அவிநாசி மல்லி

அப்பாவும் இதையேதான் சொல்கிறாருங்க. என்ஓசிக்கு ஃபைனான்ஸ் ஆபீஸில் பத்து நாள் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கு அந்த சைக்கிளை இரவல் வாங்கியிருக்கிறேன். ஸ்கேல் வைத்து அளந்தேன், 12 இஞ்சுக்கு மேல் 2 மில்லிமீட்டர் போகிறது. கோபி அண்ணா, இதற்குச் செயின் மட்டும் மாற்றினால் போதுமா, பல்சக்கரமும் சேர்த்தா?

கோபி மிதிவண்டி

நடுவில் நிற்கிறது. செயின் மட்டும் மாற்றி, அடிக்கடி ஓட்டும் கியரில் போட்டு மேட்டில் மிதித்துப் பாருங்க. வழுக்கவில்லை என்றால் பல்சக்கரம் பிழைத்தது.